வியாபாரக் கழிவு பேரேட்டுக்கு வராது, காசுக் கழிவு வரவேண்டும்

கேள்வி: ஐயா, திருகோணமலையில் என் அண்ணா மீன்பிடி வலை, கயிறு, மிதப்பு எல்லாம் மொத்தமாக விற்கிறார். கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கடைக்காரர்கள்தான் வாங்குகிறார்கள். கணக்கு நான் எழுதுகிறேன். எல்லாருக்கும் பட்டியல் விலையில் 20% கழிப்போம். 30 நாள் தவணை. 14 நாளுக்குள் கட்டினால் இன்னும் 2½% கழிப்போம். இரண்டையும் ‘கொடுத்த கழிவு’ கணக்கில்தான் போட்டேன். மார்ச் 31இல் விற்பனை 96 இலட்சம், கொடுத்த கழிவு 20 இலட்சத்து 40 ஆயிரம். கடன் கேட்டு வங்கிக்குக் கணக்கைக் கொடுத்தபோது, “மொத்த இலாபம் 36% எப்படி வந்தது?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படி எழுதினாலும் கடைசி இலாபம் ஒன்றுதானே? எங்கே பிழை?
– வாசகி, திருகோணமலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி இலாபம் ஒன்றுதான், அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். விற்பனையை 19 இலட்சம் கூட்டிக் காட்டி, செலவையும் அதே 19 இலட்சம் கூட்டிக் காட்டினால் தேறிய இலாபம் அசையாது. ஆனால் வங்கிக்காரர் முதலில் பார்ப்பது கடைசி வரியை அல்ல. விற்பனை எவ்வளவு, அதில் மொத்த இலாபம் எத்தனை வீதம் என்ற இரண்டையும்தான் பார்ப்பார். உங்கள் கணக்கில் பிழையாக இருப்பது சரியாக அந்த இரண்டும்தான்.

வலையும் கயிறும் மொத்தமாக விற்கும் கடையில் 36% என்பது நம்பக் கஷ்டமான எண். உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். 96 இலட்சத்தில் 36% என்றால் மொத்த இலாபம் 34 இலட்சத்து 56 ஆயிரம். அப்படியானால் விற்ற பொருட்களின் கிரயம் 61 இலட்சத்து 44 ஆயிரம். ஆனால் 96 இலட்சம் என்ற தொகையை எந்தக் கடைக்காரரும் உங்களுக்குத் தர ஒப்புக்கொண்டதில்லை. அது பட்டியல் விலை. அதில் 20%, அதாவது 19 இலட்சத்து 20 ஆயிரம் கழித்தால் 76 இலட்சத்து 80 ஆயிரம். இதுதான் அண்ணாவின் உண்மையான விற்பனை. அதிலிருந்து அதே கிரயத்தைக் கழித்தால் மொத்த இலாபம் 15 இலட்சத்து 36 ஆயிரம், அதாவது 20%. இந்த எண்ணைப் பார்த்திருந்தால் வங்கியில் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

எந்தக் கழிவு எங்கே போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஒரு கேள்வி போதும். சாமான் கடையை விட்டுப் போகும்போதே அந்தக் கழிவு உறுதியாகிவிட்டதா, அல்லது வாங்கியவர் பிறகு செய்யப்போகும் ஒன்றைப் பொறுத்திருக்கிறதா? கிண்ணியாக் கடைக்காரருக்கு 20% கழிப்பது அவர் வாங்கி விற்கும் வியாபாரி என்பதற்காக. பில் எழுதும்போதே அது முடிந்த விடயம். அவர் நாளைக்கே கட்டினாலும், மூன்று மாதம் இழுத்தடித்தாலும் அந்த 20% மாறாது. ஆகவே இந்த வியாபாரக் கழிவு விலை ஒத்துக்கொள்ளும் இடத்திலேயே தீர்ந்துபோகிறது, பேரேட்டில் அதற்கு ஒரு கணக்கும் இல்லை. 2½% காசுக் கழிவு அப்படி அல்ல. அவர் 14 நாளுக்குள் கட்டுவாரா இல்லையா என்பது பில் எழுதும் அன்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கட்டினால் அது நடந்த ஒரு சம்பவம், அதற்குப் பதிவு வேண்டும்.

இனி ஒரு பில்லை எடுத்து முழுதாக நடந்து பார்ப்போம். வரவு என்று நான் சொல்வது பேரேட்டின் இடப்பக்கம், செலவு என்பது வலப்பக்கம், நீங்கள் பாடசாலையில் படித்தபடியே.

ஜூன் 2ஆம் திகதி மூதூர்க் கடைக்காரர் ஒருவர் நைலோன் கயிறும் வலையும் எடுக்கிறார். பில்லில் நீங்கள் எழுதுவது:

பட்டியல் விலை – ரூபா 150,000
வியாபாரக் கழிவு 20% – ரூபா 30,000
தேறிய தொகை – ரூபா 120,000
தவணை 30 நாள். 14 நாளுக்குள் கட்டினால் 2½% கழிவு.

முதல் மூன்று வரிகளும் பில் புத்தகத்தின் கார்பன் பிரதியில் அப்படியே இருக்கட்டும். வாங்குபவருக்கும் அது தேவை, பின்னால் நீங்கள் சரிபார்க்கவும் தேவை. ஆனால் விற்பனை நாளேட்டின் தொகை நிரலுக்கு ஏறுவது 120,000 மட்டும். விரும்பினால் விவர நிரலில் 150,000 என்றும் கழிவு 30,000 என்றும் சின்னதாகக் குறித்து வைக்கலாம். அது குறிப்பு மட்டும், அங்கிருந்து பேரேட்டுக்கு எதையும் எடுத்துப்போகக் கூடாது. பேரேட்டில் மூதூர்க் கடைக்காரர் கணக்கு வரவு 120,000, விற்பனைக் கணக்கு செலவு 120,000. 30,000 எங்கேயும் இல்லை.

இரண்டாவது கழிவை இந்த 120,000இல்தான் கணக்கிடவேண்டும், 150,000இல் அல்ல. 120,000இல் 2½% என்றால் 3,000. பட்டியல் விலையில் கணக்கிட்டால் 3,750 ஆகிவிடும், பில்லுக்கு 750 ரூபா சும்மா போகும். அதேபோல, 20உம் 2½உம் சேர்ந்தால் 22½% என்று அண்ணா வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் அதையும் திருத்துங்கள். நூறு ரூபா முதலில் 80 ஆகி, பிறகு 78 ஆகிறது. இரண்டும் சேர்ந்து 22%தான்.

சரி, இப்போது சாமான் திரும்பி வருகிறது. பிழை அதிகம் நடக்கும் இடம் இது, ஆகவே கொஞ்சம் நிற்போம். ஜூன் 6ஆம் திகதி அவர் ஒரு கட்டுக் கயிறு அளவு பிழை என்று திருப்பி அனுப்புகிறார். அதன் பட்டியல் விலை 10,000. கிரெடிட் நோட் எழுதும்போது கை தானாக விலைப்பட்டியலைப் பார்த்து 10,000 என்று எழுதிவிடும். அவர் அந்தக் கட்டுக்கு உங்களுக்குத் தர இருந்தது 8,000தான். ஆகவே உட்திரும்பல் கணக்கு வரவு 8,000, அவர் கணக்கு செலவு 8,000. 10,000 என்று எழுதினால் நீங்கள் கொடுக்காத 2,000 ரூபாவை அவருக்குக் கொடுத்ததாக ஆகும். இது பரீட்சை மீதியில் தெரியாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே தொகைதான். மாத முடிவில் அவர் தன் கணக்கோடு ஒத்துப்பார்க்கும்போதுதான் வெளியே வரும். நம்முடைய பக்கம் குறைவாக இருந்தால் எத்தனை பேர் வாய் திறந்து சொல்வார்கள்?

இப்போது அவர் தரவேண்டியது 112,000. ஜூன் 12ஆம் திகதி, 14 நாள் முடியுமுன், கட்ட வருகிறார். கழிவு 112,000இல் 2½%, அதாவது 2,800. அவர் வங்கியில் போடுவது 109,200. பதிவில் மூன்று தொகைகள் வரும்: வங்கி வரவு 109,200, கொடுத்த கழிவு வரவு 2,800, மூதூர்க் கடைக்காரர் செலவு 112,000. அவர் கணக்கு முழுதாகத் தீர்ந்துவிடுகிறது.

மூன்று நிரல் காசேடு வைத்திருந்தால் இது இன்னும் எளிது. வரவுப் பக்கத்தில் ஒரே வரியில் கழிவு நிரலில் 2,800, வங்கி நிரலில் 109,200. மாத முடிவில் காசு நிரலையும் வங்கி நிரலையும் மீதி கட்டுவீர்கள். கழிவு நிரலுக்கு மீதி கட்டக் கூடாது, கூட்டினால் போதும். அந்தக் கூட்டுத்தொகை மட்டும் பேரேட்டில் ‘கொடுத்த கழிவு’ கணக்கின் வரவுக்குப் போகும். செலவுப் பக்கத்துக் கழிவு நிரல் நீங்கள் சாமான் வாங்கிய இடத்தில் பெற்ற கழிவு. ஒன்றை ஒன்றில் கழித்து வித்தியாசத்தைப் போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கூடாது, இரண்டும் வேறு வேறு ஆட்களோடு நடந்தவை.

பாதிப் பணம் வந்தால்? அவர் ஜூன் 12இல் 58,500 மட்டும் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பகுதித் தொகைக்கும் கழிவு உண்டா என்பது உங்கள் அண்ணா சொன்ன நிபந்தனையைப் பொறுத்தது. உண்டு என்றால் 58,500இல் 2½% எடுக்கக் கூடாது. கையில் வந்த காசு, கழிவு போன பிறகு மிஞ்சியது. 58,500ஐ 0.975ஆல் வகுத்தால் 60,000. அதாவது அவர் கடனில் 60,000 தீர்ந்தது, அதில் கழிவு 1,500, மீதி நிலுவை 52,000. இந்த வகுத்தலை விட்டு 2½%ஐ நேரே பெருக்கினால் கழிவு 1,462.50 என்று வரும். வித்தியாசம் சின்னது, ஆனால் இப்படிச் சில்லறைகள் மாதக்கணக்கில் சேர்ந்து நிலுவைப் பட்டியலில் யாருக்கும் விளங்காத வால்களாகத் தொங்கும்.

தாமதமாக வந்து கழிவை எடுத்துக்கொள்பவர்கள் எப்போதும் உண்டு. ஜூன் 25ஆம் திகதி வந்து, தானாகவே 109,200 போட்டுவிட்டுப் போகிறார். அப்போது வங்கி வரவு 109,200, அவர் கணக்கு செலவு 109,200, அவ்வளவுதான். 2,800 நிலுவையில் நிற்கட்டும். “போகட்டும், பழைய ஆள்” என்று அண்ணா விட்டுக்கொடுத்தால் அதை அண்ணா சொல்லித்தான் எழுதவேண்டும், நீங்களாகக் கணக்கைச் சமப்படுத்தக் கழிவில் போட்டுவிடாதீர்கள். எழுதும்போது பக்கத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள். நேரத்துக்குக் கட்டியதற்குக் கொடுத்த கழிவும், முகத்துக்காக விட்ட தொகையும் கலந்துவிட்டால் பின்னால் நான் சொல்லப்போகும் கணக்கு ஒன்றும் சரிவராது.

அப்புறம் காசோலை. நம் ஊர் மொத்த வியாபாரம் பாதி டேட் போட்ட செக்கில்தான் ஓடுகிறது. கடைக்காரர் ஜூன் 7ஆம் திகதி வந்து, ஜூலை 2 என்று திகதி போட்ட காசோலையை நீட்டி, “14 நாளுக்குள் தந்துவிட்டேன், கழிவு கழியுங்கள்” என்பார். அவர் கேட்பது கழிவும் தவணையும் இரண்டும். ஜூலை 2க்கு முன் அந்தக் காசோலையை நீங்கள் வங்கியில் போட முடியாது, ஆகவே காசு 14 நாளுக்குள் வரவில்லை, கழிவும் இல்லை. கணக்கிலும் அதை வாங்கிய அன்று வங்கி வரவு என்று எழுதக் கூடாது. கையில் உள்ள காசோலைகளுக்கு ஒரு தனிப் புத்தகம் வைத்து, திகதி வந்து வங்கியில் போடும் அன்று காசேட்டில் ஏற்றுங்கள்.

இன்றைய திகதி போட்ட நல்ல காசோலை என்றால் கழிவு கொடுக்கலாம். ஆனால் அது திரும்பி வந்தால் கழிவும் கூடவே திரும்பவேண்டும். 109,200க்கான காசோலை ஜூன் 17இல் பணம் போதாது என்று திரும்புகிறது. பலர் அவர் கணக்கில் 109,200ஐ மட்டும் மறுபடி வரவு வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் கட்டாத ஆளுக்கு 2,800 கழிவு கொடுத்ததாக ஆகிவிடுகிறது. சரியான பதிவு: அவர் கணக்கு வரவு 112,000, வங்கி செலவு 109,200, கொடுத்த கழிவு செலவு 2,800. வங்கி பிடித்த கட்டணத்தை அவரிடம் வாங்குவதாக இருந்தால் அதையும் அவர் கணக்கில் ஏற்றலாம். திரும்பிய காசோலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கழிவு மீண்டதா என்று பாருங்கள். உங்கள் புத்தகத்தில் முதலில் பார்க்கச் சொல்வேன் என்றால் இதைத்தான்.

இனி இந்த வருடக் கணக்கைத் திருத்துவோம். 96 இலட்சத்தின் 20% சரியாக 19 இலட்சத்து 20 ஆயிரம். உங்கள் கொடுத்த கழிவு 20 இலட்சத்து 40 ஆயிரம். ஆக நீங்கள் பில் போட்ட அன்றே 20%ஐக் கழிவில் ஏற்றியிருக்கிறீர்கள் என்று எண்களே சொல்கின்றன. அது ஒரு வகையில் நல்லது. கடன்பட்டோர் நிலுவைகள் கெடவில்லை, விற்பனையும் கழிவும் மட்டும்தான் வீங்கியிருக்கின்றன. காசு வரும்போதுதான் 20%ஐயும் எழுதும் கடைகளில் நிலுவைப் பட்டியலே பொய்யாகிவிடும், 120,000 தரவேண்டியவர் 150,000 தரவேண்டியவராக நிற்பார்.

ஆகவே உங்களுக்கு ஒரு பொது நாளேட்டுப் பதிவு போதும்: விற்பனைக் கணக்கு வரவு 1,920,000, கொடுத்த கழிவு கணக்கு செலவு 1,920,000. கீழே காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள், கணக்காய்வு செய்பவர் அதைத் தேடுவார். இதன் பிறகு விற்பனை 7,680,000, கொடுத்த கழிவு 120,000. இதைப் போடுமுன் இரண்டைச் சரிபாருங்கள். 20% கழிக்காமல் சில்லறையாக யாருக்காவது விற்ற பில் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் அதை விட்டுவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். உட்திரும்பலையும் பட்டியல் விலையில் எழுதியிருந்தால் அதற்குத் தனித் திருத்தம் வேண்டும். பில் போடும் மென்பொருளுக்கு மாறுவதாக இருந்தால், அதில் கழிவு என்று நீங்கள் போடும் தொகை எந்தக் கணக்கில் போய் உட்காருகிறது என்று ஒரு சோதனைப் பில் போட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள். பல மென்பொருட்களில் அது நேரே கழிவுச் செலவுக்குப் போகும்படி அமைந்திருக்கும். நீங்கள் கையால் செய்த பிழையை அது தானாகச் செய்யும்.

மிஞ்சிய 120,000ஐ எங்கே காட்டுவது என்பதில் நீங்கள் வகுப்பில் படித்ததற்கும் இன்றைய நியமத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வகுப்பில் கொடுத்த கழிவு ஒரு செலவு, மொத்த இலாபத்துக்குக் கீழே வரும். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் வெளியிட்ட இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 15, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காசுக் கழிவு செலவு அல்ல, வருமானத்தின் குறைவு. வாங்குபவர் கழிவை எடுக்கக்கூடும் என்றால் உங்களுக்கு வரப்போகும் விலையே உறுதியில்லாதது, ஆகவே உண்மையில் வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கும் தொகையைத்தான் வருமானமாகக் காட்டவேண்டும் என்பது அதன் தர்க்கம். அந்த நியமத்தைப் பின்பற்றும் கம்பனி, மூதூர்க் கடைக்காரர் எப்போதும் 14 நாளுக்குள் கட்டும் ஆள் என்று அனுபவத்தில் தெரிந்தால் ஜூன் 2ஆம் திகதியே 117,000ஐ மட்டும் விற்பனையாகப் பதியும். அவர் இந்தமுறை தவறவிட்டு 120,000 கட்டினால் மிச்ச 3,000ஐ அப்போது விற்பனையில் சேர்க்கும்.

அண்ணாவின் கடை தனி வியாபாரம். நாளாந்தப் பதிவை நான் மேலே சொன்ன பழைய முறையிலேயே வைத்திருங்கள், கொடுத்த கழிவு கணக்குத் தனியாக இருப்பது உங்களுக்கு நல்லது. வங்கிக்குக் கொடுக்கும் கூற்றில் மட்டும் அதை விற்பனையின் கீழே கழித்து, தேறிய விற்பனை 7,560,000 என்று காட்டச் சொல்வேன். மொத்த இலாபம் 1,416,000, கிட்டத்தட்ட 18.7%. கடன் கொடுப்பவருக்கு இதுதான் நேர்மையான எண்.

வருட முடிவில் இன்னொரு சின்ன வேலை. மார்ச் 31இல் இன்னும் 14 நாள் முடியாத பில்கள் சில இருக்கும். அவற்றுக்கான கழிவு ஏப்ரலில்தான் எழுதப்படும், ஆனால் விற்பனை இந்த வருடத்தில் ஏறிவிட்டது. எவ்வளவு ஒதுக்குவது? உங்கள் கணக்கிலிருந்தே எடுக்கலாம். 120,000 கழிவு என்றால் 48 இலட்சம் ரூபாப் பில்களுக்குக் கழிவு போயிருக்கிறது. மொத்த விற்பனை 76 இலட்சத்து 80 ஆயிரத்தில் அது 62½%. மார்ச் 31இல் திறந்திருக்கும் அப்படியான பில்கள் 400,000 என்று வைத்துக்கொண்டால், அதில் 62½% ஆன 250,000க்குக் கழிவு போகும். 2½% வீதம் 6,250. அந்தத் தொகையைக் கொடுத்த கழிவில் வரவு வைத்து, கழிவு ஏற்பாட்டுக் கணக்கில் செலவு வையுங்கள். ஐந்தொகையில் அது கடன்பட்டோரிலிருந்து கழிந்து வரும். சும்மா விட்டுக்கொடுத்த கழிவுகளுக்கு ஏன் குறி போடச் சொன்னேன் என்பது இப்போது விளங்கும். அவை கலந்தால் இந்த 62½% பொய்யாகும்.

கழிவு இரண்டும் பிரிந்து நின்றால் அண்ணாவுக்கு வேறொன்றும் தெரியும். 2½% சின்னதாகத்தான் தோன்றும். 30 நாளில் வரவேண்டிய காசு 14 நாளில் வருவதற்கு, அதாவது 16 நாள் முந்துவதற்கு, அவர் 97½ ரூபாவுக்கு 2½ ரூபா கொடுக்கிறார். இதை வருடத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 58½% வட்டி. எந்த வங்கிக் கடனும் இவ்வளவு கேட்காது. எல்லாரும் 30ஆம் நாள் தவறாமல் கட்டுபவர்கள் என்றால் இந்தக் கழிவை இன்றே நிறுத்தலாம்.

ஆனால் 30 நாள் என்பது பில்லில் உள்ள எண். நீங்கள் பார்க்கவேண்டியது கழிவு எடுக்காதவர்கள் உண்மையில் எத்தனை நாளில் கட்டுகிறார்கள் என்பதை. நவம்பருக்குப் பிறகு வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும்போது சிறு படகுகள் கரையில் கிடக்கும், மீனவர் கடைக்காரருக்குக் கொடுக்கமாட்டார், கடைக்காரர் உங்களுக்குக் கொடுக்கமாட்டார். அந்தக் காலத்தில் சராசரியாக 60 நாள் ஆகிறது என்றால், கழிவால் முந்துவது 46 நாள், விலை வருடத்துக்குக் கிட்டத்தட்ட 20%. கடல் அமைதியாக இருந்து மீன் நன்றாகப் படும் மாதங்களில் கழிவு தேவையற்ற செலவாகவும், வாடைக் காலத்தில் கொடுத்தாலும் தாங்கக்கூடியதாகவும் இருக்கலாம். கழிவு எடுக்காத பில்களை மட்டும் தனியே பிரித்து, பில் திகதிக்கும் காசு வந்த திகதிக்கும் இடைப்பட்ட நாட்களை மாதவாரியாக எழுதி அண்ணாவிடம் கொடுங்கள். அவர் தீர்மானிக்கட்டும்.

தொடர்வதாக இருந்தால் புதிய பில் புத்தகம் அச்சடிக்கும்போது நிபந்தனை வரியைத் தெளிவாகப் போடச் சொல்லுங்கள்: “பில் திகதியிலிருந்து 14 நாளுக்குள் முழுத் தொகையும் எங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்தால் மட்டும் தேறிய தொகையில் 2½% கழிவு. பின்திகதியிட்ட காசோலைக்கும், திரும்பிய காசோலைக்கும் கழிவு இல்லை.” பகுதித் தொகைக்கும் கழிவு கொடுக்க அண்ணா விரும்பினால் ‘முழுத் தொகையும்’ என்பதற்குப் பதிலாக ‘கட்டும் தொகை’ என்றும், ‘தேறிய தொகையில்’ என்பதற்குப் பதிலாக ‘அதனால் தீரும் கடனில்’ என்றும் போடலாம்.